மூன்று கட்டளைகள் தள்ளிப் படித்தால் மட்டும் தவறும் விடை

மறுபடியும் அதே பிழை. ஐந்து கட்டப் பைப்லைன் கொண்ட ரிஸ்க்-ஃபைவ் செயலி ஒன்றை எழுதிய இளம் பொறியாளர், விடை எப்போதாவது தவறுகிறது என்று தம் வடிவமைப்பை அனுப்பியிருந்தார். ஃபார்வர்டிங் பகுதியைப் பல நாட்கள் கிளறியிருக்கிறார். அதில் குற்றமே இல்லை; குற்றம் ரெஜிஸ்டர் ஃபைலில். புதியவர்களின் வடிவமைப்புகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

அவருடைய நிரலை இந்த நான்கு வரிகளுக்குச் சுருக்கினோம்:

```
addi x5, x0, 7
addi x6, x0, 1
addi x7, x0, 2
add  x8, x5, x6
```

x8-இல் 8 வர வேண்டும், 1 வந்தது. முதல் கட்டளை ஐந்தாவது சுழற்சியில் x5-ஐ ரெஜிஸ்டர் ஃபைலில் எழுதுகிறது. நான்காவது கட்டளை அதே ஐந்தாவது சுழற்சியில்தான் டிகோட் கட்டத்தில் x5-ஐப் படிக்கிறது. கிடைத்தது பழைய மதிப்பான 0. ஆறாவது சுழற்சியில் அது எக்ஸிக்யூட் கட்டத்துக்கு வரும்போது x5-இன் புதிய மதிப்பு பைப்லைனை விட்டே வெளியேறிவிட்டது. ஃபார்வர்டிங் எடுத்துக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை. x6 மட்டும் ஃபார்வர்டிங் வழியாகச் சரியாக வந்தது.

நடுவில் உள்ள x7 கட்டளையை நீக்கினால் விடை சரி. முதல் கட்டளையை அடுத்து ஒரு `nop` கூடுதலாகச் சேர்த்தாலும் சரி. நடுவில் இரண்டே இரண்டு கட்டளைகள் இருக்கும்போது மட்டும் தவறு. இந்த அடையாளம் தென்பட்டால் ஃபார்வர்டிங்கை விட்டுவிட்டு நேராக ரெஜிஸ்டர் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

"சுழற்சியின் முதல் பாதியில் எழுதும், இரண்டாம் பாதியில் படிக்கும் என்று பாடத்தில் இருக்கிறதே" என்றார் அவர். எல்லோரும் சொல்லும் பதில் இதுதான், என் பொறுமையைச் சோதிப்பதும் இதுதான். பாடநூல் சொல்வது ஒரு நிபந்தனை: ரெஜிஸ்டர் ஃபைல் அப்படி நடந்துகொண்டால் இந்தப் பைப்லைன் சரியாக இயங்கும். நீங்கள் எழுதியிருப்பதோ `always @(posedge clk)`. அதில் பாதிச் சுழற்சி எங்கே இருக்கிறது? புதிய மதிப்பு சுழற்சி முடியும் விளிம்பில்தான் உள்ளே போகிறது. அதே விளிம்பில்தான் அடுத்த கட்டத்தின் ஃப்ளிப்-ஃப்ளாப்கள் படித்த மதிப்பைப் பிடிக்கின்றன. எனவே அவை பிடிப்பது பழையதைத்தான். நீங்கள் ரீட்-ஃபர்ஸ்ட் ஃபைலை எழுதிவிட்டு, ரைட்-ஃபர்ஸ்ட் ஃபைலுக்கான பைப்லைனை அதன்மேல் கட்டியிருக்கிறீர்கள். ரீட்-ஃபர்ஸ்ட் தவறே அல்ல. ஃபார்வர்டிங்கில் இன்னொரு நிலை சேர்த்தாலோ, டிகோடில் ஒரு சுழற்சி நிறுத்தினாலோ அதனுடனும் வாழலாம். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் விடுவதுதான் தவறு.

எளிய வழி, எழுதும் மதிப்பைப் படிக்கும் வெளியீட்டுக்கு நேரே கொடுப்பது:

```verilog
assign rs1_data = (rs1 == 0)        ? 32'b0 :
                  (we && rd == rs1) ? wd    : regs[rs1];
```

`rs2`-க்கும் இதே வரி வேண்டும்; அதை மறந்தவர்களும் உண்டு. x0-வுக்கான சோதனை முதலில் வருவதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால், x0-இல் எழுதும் கட்டளை ஒன்றின் மதிப்பு அந்த ஒரு சுழற்சிக்கு மட்டும் x0-இன் மதிப்பாக வெளியே வந்துவிடும். `negedge`-இல் எழுதுவதும் பலன் தரும், ஆனால் எழுதவும் படிக்கவும் அரைச் சுழற்சிதான் கிடைக்கும். க்ளாக் வேகத்தை உயர்த்தும்போது அங்கே முட்டிக்கொள்வீர்கள். ப்ளாக்கிங் அசைன்மென்ட்டுக்கு மாற்றிச் சிமுலேஷனை மட்டும் சரிக்கட்டும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரெஜிஸ்டர் ஃபைலை எஃப்.பி.ஜி.ஏ.வின் ப்ளாக் ராமில் வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஸைலிங்க்ஸ் சில்லுகளில் `WRITE_FIRST` என்று அமைத்தால் புதிய மதிப்பு வந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த அமைப்பு, எழுதும் போர்ட்டின் சொந்த வெளியீட்டைப் பற்றியது. நீங்கள் படிப்பது இன்னொரு போர்ட்டில். ஒரே க்ளாக்கில் இரு போர்ட்டுகளும் ஒரே முகவரியைத் தொடும்போது, எழுதும் போர்ட் `READ_FIRST`-ஆக இருந்தால் மற்றதில் பழைய மதிப்பு உறுதியாகக் கிடைக்கும். `WRITE_FIRST`-ஆக இருந்தால் அங்கே என்ன வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிமுலேஷனில் ஓடிப் பலகையில் சொதப்பும் வடிவமைப்புகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். இங்கும் முகவரி ஒப்பீட்டை நீங்களே எழுத வேண்டும். ப்ளாக் ராமின் விடை ஒரு சுழற்சி தாமதமாக வருவதால், ஒப்பீட்டின் முடிவையும் `wd`-ஐயும் ஒரு சுழற்சி பிடித்து வைத்து அதன்பின் தேர்ந்தெடுங்கள்.

மேலே உள்ள நான்கு வரிகளையும் உங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். சார்ந்திருக்கும் ரெஜிஸ்டரை `rs1`-இல் ஒருமுறை, `rs2`-இல் ஒருமுறை, x0-இல் எழுதிப் படித்து ஒருமுறை என்று ஓட்டுங்கள். x5-இல் முன்பே வேறொரு மதிப்பை வைத்துவிட்டு ஓட்டுங்கள். பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் பிழை இருந்தும் சோதனை தேறிவிடும்.