பணிக்கு வரும் முன் சொல்லுங்கள்: சமையலறை அறிவிப்பு கேட்பது என்ன?

'காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் பணிக்கு வரும் முன் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும். தெரிவிப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படாது.' உணவு தயாரிக்கும் இடங்களின் சுவரில் இருக்கும் இந்த அறிவிப்பில் முக்கியமான சொல் 'முன்' என்பதுதான். சமையலறைக்குள் வந்து, கத்தியையும் பாத்திரத்தையும் தொட்ட பிறகு சொன்னால் பாதிப் பயன் போய்விடும். வீட்டிலிருந்தே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும்.

காரணம் நோரோவைரஸ். வாந்தியும் வயிற்றுப்போக்கும் திடீரென்று வருவதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம். மிகச் சில வைரஸ் துகள்கள் உள்ளே போனாலே போதும், ஒருவருக்கு நோய் வந்துவிடும். நோயாளியின் மலத்திலோ கோடிக்கணக்கில் அவை இருக்கின்றன. கை சரியாகக் கழுவப்படாமல், இனி அடுப்பில் ஏறாத உணவை அந்தக் கை தொட்டால், அதைச் சாப்பிடும் அத்தனை பேருக்கும் அது போகும். வெட்டி வைத்த பழமும், வேகவைக்காத காய்கறியும், சமைத்த பின் தட்டில் அடுக்கும் உணவும் அப்படிப்பட்டவை. ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான் இந்த வைரஸிடம் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் நீரும்தான் வேண்டும்.

காய்ச்சலை ஏன் சேர்த்துக் கேட்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலையும் காய்ச்சலாகத் தொடங்கக்கூடியவை, இரண்டுமே உணவு வழியாகப் பரவுபவை. மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாவதற்கு முந்தைய நாட்களில்தான் நோய் அதிகம் பரவும். கண் மஞ்சளான பிறகு சொல்வது காலம் கடந்து சொல்வதே. அதனால்தான் உலக நாடுகள் சேர்ந்து வகுத்த கோடெக்ஸ் உணவுச் சுகாதார நெறிகளில், பணியாளர் தெரிவிக்க வேண்டியவற்றில் காய்ச்சலும் இடம்பெறுகிறது. தொண்டை வலியுடன் வரும் காய்ச்சல், சீழ் வைத்த புண் ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு.

எப்போது திரும்பி வரலாம் என்பதில்தான் அதிகக் குழப்பம். பல இடங்களில் விதி இதுதான்: வாந்தியும் வயிற்றுப்போக்கும் முழுமையாக நின்ற பிறகு 48 மணி நேரம். சில இடங்களில் 24 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் அறிவிப்பில் உள்ளதைப் பின்பற்றுங்கள். என் கருத்தில் 48 மணி நேரமே பாதுகாப்பானது, ஏனென்றால் உடல் தேறிய பிறகும் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

ஒருவருக்குச் செவ்வாய் இரவு 11 மணிக்கு வாந்தி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வயிற்றுப்போக்கு போனது புதன் காலை 6 மணிக்கு. அன்று மதியமே அவர் நன்றாகச் சாப்பிடுகிறார், வியாழன் காலை வேலைக்குக் கிளம்பவும் தெம்பு இருக்கிறது. ஆனாலும் கணக்கு தொடங்குவது நோய் வந்த செவ்வாய் இரவிலிருந்து அல்ல, கடைசி அறிகுறி தெரிந்த புதன் காலை 6 மணியிலிருந்து. ஆகவே அவர் வெள்ளி காலை 6 மணிக்குப் பிறகே சமையலறைக்குள் வரலாம். வியாழனன்று மீண்டும் ஒருமுறை போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மாத்திரை போட்டு அடக்கி வைத்திருப்பதை நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று மருத்துவர் சொல்லியிருந்தால் 48 மணி நேரக் கணக்கு பொருந்தாது. மருத்துவரோ சுகாதார அதிகாரியோ அனுமதித்த பிறகே வர வேண்டும்.

இனி, 'நடவடிக்கை இல்லை' என்ற வரி. நாள் கூலி போய்விடும் என்ற பயம் உள்ளவர் உடம்பு நடுங்கினாலும் வேலைக்கு வருவார், வயிற்றுப்போக்கை யாரிடமும் சொல்ல மாட்டார். அவரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. வீட்டு வாடகை அவர் கண்முன் நிற்கிறது. எனவே அந்த வரி வெறும் வாக்குறுதியாக இருந்தால் போதாது. அந்த நாட்களுக்கு ஊதியம் உண்டா, விடுப்புக் கணக்கில் கழிப்பார்களா, மருத்துவச் சான்று கேட்பார்களா, அவருக்குரிய ஷிப்டு திரும்பக் கிடைக்குமா ஆகிய நான்குக்கும் அறிவிப்பிலேயே பதில் எழுதப்பட வேண்டும். பதில் இல்லையென்றால், நோய் இல்லாத நாளில் மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் கேட்க வேண்டியதும் குறைவுதான்: என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, கடைசியாக எந்த வேலை செய்தீர்கள். சொன்னதை மற்ற பணியாளர்களிடம் பரப்பக் கூடாது.

வேலைக்கு நடுவே வயிறு கலங்கினால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு உடனே சொல்லிவிட்டு வெளியேறுங்கள். அன்று நீங்கள் தொட்ட, இனிச் சூடாக்கப்படாத உணவு எது என்று சொல்லிவிட்டுப் போனால் அதை மட்டும் அப்புறப்படுத்தினால் போதும். சமையலறையிலேயே வாந்தி எடுத்துவிட்டால், சுற்றியிருந்த மூடாத உணவு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் துளிகள் காற்றில் தெறித்துப் பல அடி தூரம் போகும்.