ரீல்ஸில் ஓடும் வாசகம்: எத்தனை விநாடி நிற்க வேண்டும்?

"ரீல்ஸில் வரும் பொன்மொழிகள் சில படித்து முடிப்பதற்குள் ஓடிவிடுகின்றன, சில நகராமல் நின்று எரிச்சலூட்டுகின்றன. இதற்குக் கணக்கு உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஆனால் ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் விநாடி நிற்கும், சட்டென்று தாவும், மறுபடி நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜாவலின் ஆய்வகத்திலேயே இது கவனிக்கப்பட்டுவிட்டது. தாவும் நேரத்தில் எதுவும் படிக்கப்படுவதில்லை; நிற்கும்போதுதான் எழுத்து மூளைக்குப் போகிறது. திரையில் புதிதாக ஒரு வாசகம் தோன்றினால், கண் அதை நோக்கிக் கிளம்பவே 0.2 விநாடி பிடிக்கும். ஆகவே இரண்டே சொல் உள்ள வாசகத்துக்கும் தொடக்கச் செலவாக அரை விநாடி ஒதுக்கிவிட வேண்டும்.

இனி நீளம். ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வோம்: "மழைநீரை மண்ணுக்குள் அனுப்பினால் கோடையில் கிணறு கைவிடாது." இதில் ஆறே சொற்கள். ஆங்கில வசனவரிகளுக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 180 சொல் என்ற வேகத்தில் இரண்டு விநாடி போதும் என்று வரும். போதவே போதாது. 'அனுப்பினால்' என்ற ஒரு சொல்லுக்குள் வினையும் நிபந்தனையும் சேர்ந்தே இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு மூன்று சொல் செலவாகும். எனவே தமிழில் சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுங்கள், புள்ளி எழுத்தும் சேர்த்து. இங்கே 27 எழுத்து. விநாடிக்கு எட்டு எழுத்து என்பது செல்பேசித் திரைக்கு நிதானமான வேகம். 27-ஐ எட்டால் வகுத்தால் சுமார் 3.4, தொடக்கச் செலவு 0.5, ஆக நான்கு விநாடி. விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் அது 120 ஃப்ரேம். வாசகம் மெல்லத் தெளிந்து வருகிறதென்றால், முழுதாகத் தெரிந்த நொடியிலிருந்து எண்ண வேண்டும்.

எண்ணும் வேலையை மென்பொருளிடம் விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். நமக்கு 27 எழுத்தாகத் தெரிவது பல செயலிகளுக்கு, இடைவெளியை விட்டுவிட்டாலும், 50.

இந்தக் குறியீட்டு முறைதான் தட்டச்சு அனிமேஷனையும் கெடுக்கிறது. எழுத்தெழுத்தாக வாசகம் தோன்றும் அந்த விளைவு, பல செயலிகளில் குறியீடு குறியீடாகத்தான் ஓடுகிறது. 'கோடையில்' வரும்போது முதலில் வெறும் 'க' தெரியும். கண் அதன்மேல் இறங்கியதும் இடப்பக்கம் இரட்டைக்கொம்பு முளைத்து, 'க' வலப்பக்கம் தள்ளப்படும், அதற்கப்பால் ஒரு கால் நிற்கும். பார்த்துக்கொண்டிருந்த எழுத்து காலடியிலிருந்து நகர்ந்துவிட்டதால் கண் மறுபடி குறிபார்க்க வேண்டும். 'மண்ணுக்குள்' இன்னும் மோசம். புள்ளி வருவதற்கு முன் ஒரு கணம் 'மண' என்று நிற்கும். மூளை மணம், மணல் என்று தேடத் தொடங்கியபின் புள்ளி வந்து அதை அழிக்கும். ஒவ்வொரு சொல்லிலும் இப்படி நடந்தால் நான்கு விநாடிக் கணக்கு என்னாவது? அமைப்பில் 'எழுத்து' என்றிருப்பதைச் 'சொல்' என்றோ 'வரி' என்றோ மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் வரி முழுவதும் ஒரே தடவையில் வருவதுதான் சிறந்தது. கண்ணுக்கு எந்த வேகத்தில் தாவ வேண்டும் என்று தெரியும். அதை யாரும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

வரியை 'அனுப்பினால்' என்பதோடு முறியுங்கள். 'அனுப்பினால் கோடையில்' என்று நடுவரி அமைந்தால், கோடையில் அனுப்புவதாகப் படித்துவிட்டுக் கண் பின்னோக்கித் தாவும். அப்படித் திரும்பிப் படிப்பதற்கும் நேரம் போகும்.

விநாடிக்கு எட்டு என்பது தொழிலில் கைக்கு வந்த அளவு. தமிழ் வாசிப்பைச் செல்பேசித் திரையில், பல வயதினரிடம் பெரிய அளவில் அளந்து எல்லோருக்கும் பொதுவாக வைக்க வேண்டும். சென்னை தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, நகரத்தில் பெரிய கண் மருத்துவமனைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து உட்காரவைக்க அரசு நிதி ஒதுக்கலாம். அதற்குத் தேவை கண் அசைவைப் பதிவுசெய்யும் சில கருவிகளும் பொறுமையும்தான்.

அதுவரை சோதனையை நாமே செய்யலாம். வாசகத்தை முன்பின் பார்க்காத ஒருவரிடம் ஒலியை அணைத்து வீடியோவைக் காட்டி, அவர் கண்ணைக் கவனியுங்கள். வாசகம் மறையும்போது கண் இன்னும் வரிமேல் ஓடினால் அரை விநாடி கூட்டுங்கள். முன்பே பின்னணிப் படத்துக்குப் போய், திரும்பி வந்து முதல் வரியை மறுபடி படித்தால் அரை விநாடி குறையுங்கள். எழுதியவர் தானே பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. மனப்பாடமான வாசகத்தை ஒரே நொடியில் படித்துவிடலாம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் நின்றபடி பார்ப்பவர்களும் உங்கள் பார்வையாளர்கள் என்றால், சோதனையை அந்தக் குலுங்கலிலேயே நடத்துங்கள். அங்கே இதே வாசகத்துக்கு ஐந்து விநாடிகூடத் தேவைப்படலாம்.