அவைலபிள் பட்டன ஏன் கடைசியா அமுக்கணும்?

எனக்கு வீடு வலங்கைமான் பக்கம், வீட்லேருந்தே சாட் சப்போர்ட் வேலை, காலைல 6 மணி ஷிப்ட். சேந்த புதுசுல 5:58க்கு லேப்டாப்ப தொறந்து முதல் வேலையா ஸ்டேட்டஸ அவைலபிள்னு மாத்திட்டு அப்புறந்தான் மத்த டேப் எல்லாம் ஓப்பன் பண்ணுவேன், லேட்டுன்னு காட்டக்கூடாதுல்ல. வரப்பு போடாத வயலுக்கு மடைய தொறந்து விடுற வேலை அது, புரிய ரெண்டு மாசம் ஆச்சு.

சாட்ட பிரிச்சு கொடுக்குற சாப்ட்வேர் உங்கள பத்தி பெரும்பாலும் ரெண்டே விஷயந்தான் பாக்கும், ஸ்டேட்டஸ் என்ன, கையில எத்தன சாட் இருக்கு. ஒரு ஆளுக்கு 3 சாட்னு வச்சிருந்தா, ராத்திரி ஷிப்ட் ஆளு 2 வச்சிருப்பாரு, இப்பதான் வந்த உங்ககிட்ட 0. கையில கம்மியா இருக்கறவங்களுக்கு கொடுன்னு செட் பண்ணிருந்தா அடுத்த சாட் நேரா உங்களுக்குத்தான். ஆர்டர் பாக்குற பேஜ்ல லாகின் போயிருக்கா, பாஸ்வேர்ட் கேக்குதா, இதெல்லாம் அதுக்கு தெரியாது. அதனால மொதல்ல பிஸியோ அவேயோ வச்சிட்டு மத்தத பாருங்க.

கரண்ட் விஷயமும் இதே கதைதான். கரண்ட் போனா லேப்டாப் பேட்டரில ஓடும், மோடம் செத்துரும். நீங்க முறையா லாகவுட் பண்ணல, லைன் சும்மா அறுந்துருச்சு, அப்ப சர்வருக்கு எப்படி தெரியும்? உங்க பிரவுசர் அப்பப்ப அனுப்புற "இருக்கேன்" சிக்னல் கொஞ்ச நேரம் வரலன்னாதான் தெரியும், அதுவரைக்கும் அங்க நீங்க அவைலபிள், சாட்டும் உங்க பேருக்கு வந்துட்டே இருக்கும், கஸ்டமர் காலி சேர பாத்து ஹலோ ஹலோங்கறாரு. பைபர் பாக்ஸ், வைஃபை ரௌட்டர்னு ரெண்டு டப்பா இருந்தா ரெண்டு பிளக்குமே இன்வெர்ட்டர்ல இருக்கான்னு பாக்கணும். எங்க வீட்ல ஒண்ணு மட்டும் இருந்துச்சு. மெயின ஒருவாட்டி ஆஃப் பண்ணி பாத்தாதான் கண்டுபிடிக்க முடிஞ்சுது.

அடுத்தது சத்தம், எனக்கு ரொம்ப நாள் புடிபடாத விஷயம். நோட்டிபிகேஷன் ஆன்ல இருக்கு, வால்யூம் இருக்கு, சைட்டுக்கு பெர்மிஷனும் கொடுத்திருக்கு, விண்டோஸ்ல டூ நாட் டிஸ்டர்பும் இல்ல, ஆனாலும் சில நாள் மணி அடிக்காது. காரணம் குரோம். 2018லேருந்து, ஒரு பேஜ் லோடு ஆனப்புறம் நீங்க அதுல ஒரு கிளிக்காவது பண்ணாம அந்த பேஜ் தானா சத்தம் போட குரோம் விடாது, விளம்பர வீடியோ தொல்லைக்காக வச்ச ரூல் இது. அடிக்கடி சத்தம் கேட்ட சைட்டுக்கு கம்ப்யூட்டர்ல அதுவே விலக்கு கொடுத்துரும், அதான் ஒரு நாள் அடிக்குது ஒரு நாள் இல்ல. லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி பழைய டேப் எல்லாம் தானா திரும்ப வந்திருந்தா நாம எதையும் தொட்டிருக்கவே மாட்டோம், வேற டேப்ல உக்காந்து மெயில் படிச்சிட்டிருப்போம். சாட் பேஜ்ல சும்மா ஒரு கிளிக் பண்ணுங்க, போதும்.

இப்ப கியூ பில்டர். ஒரு நாள் 6 மணிக்கு பாத்தா "இன்னிக்கு வந்தது"ங்கற வியூல 2 டிக்கெட்தான். அப்பாடான்னு காபி போட போயிட்டேன். 7 மணிக்கு டீம் லீடர் போன், "என்ன தம்பி, ராத்திரி டிக்கெட்ட யாருமே தொடல?" தேதி பில்டர எடுத்துட்டு பாத்தா 37. என்னாச்சுன்னா அக்கவுன்ட்டோட டைம் ஸோன் யுடிசில இருந்துச்சு. நம்ம நேரம் அதவிட 5:30 மணி நேரம் முன்னாடி, அதனால அதுக்கு புது நாள் பொறக்கறது நமக்கு விடியக்காலம் 5:30க்கு. 6 மணிக்கு அந்த வியூ காட்டுனது கடைசி அரை மணி நேரத்துல வந்தத மட்டுந்தான், ராத்திரி பூரா வந்த 35ம் "நேத்து"ன்னு ஒளிஞ்சிருச்சு. சாயங்கால ஷிப்ட்காரங்களுக்கு இது கண்லயே படாது, அவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே தேதி.

கடைசி 24 மணி நேரம்னு வச்சாலும் 25 மணி நேரம் கெடந்தது மறைஞ்சிரும், அதான் மோசமான டிக்கெட். இப்பல்லாம் தேதியே போடறதில்ல, முடியாத டிக்கெட் எல்லாம், பழசு மேல. நேத்து "எனக்கு வந்தது மட்டும்"னு வச்ச பில்டர் அப்படியே ஒட்டிட்டு இருக்கான்னும் ஒரு பார்வை.

இப்ப 5:45க்கு உக்காருறேன். லாகின், மோடம், கிளிக், பில்டர். டீம் லீடர்கிட்ட சொல்லிட்டு இன்காக்னிட்டோ விண்டோல நம்ம சைட்டுக்கு போயி கஸ்டமர் மாதிரி "டெஸ்ட்"னு ஒண்ணு அனுப்பிட்டு, அவைலபிள அமுக்குவேன். பல நாள் அது ராத்திரி ஷிப்ட் அக்காவுக்கு போயி விழும், அவங்க ஒரு திட்டு திட்டுவாங்க.