புகாரைப் படித்த முதல் இரண்டு நாட்கள்

தன் மீது பொய்ப்புகார் வந்திருப்பதாக நம்புகிறவர் மனநல ஆலோசகரான என்னிடம் வரும்போது, பெரும்பாலும் புகாரின் நகலை இருபது முப்பது முறை படித்து முடித்திருப்பார். உண்மையைத் தெளிவாக மனத்தில் பதித்துக்கொள்ளவே படிப்பதாக அவர் நினைக்கிறார். நடப்பதோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த புகைப்படம் அல்ல. எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுவது. 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் கார் விபத்துப் படக்காட்சிகளை மாணவர்களுக்குக் காட்டி, வண்டிகளின் வேகத்தைக் கேட்டார்கள். கேள்வியில் 'நொறுங்க மோதின' என்ற பொருள்தரும் சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று அதிகம் என்றும், 'தொட்டுக்கொண்டன' என்ற பொருள்தரும் சொல்லைக் கேட்டவர்கள் 31.8 மைல் என்றும் மதிப்பிட்டார்கள். ஒரே காட்சியின் மதிப்பீட்டைக் கேள்வியில் இருந்த ஒரு சொல்லே மாற்றிவிட்டது. புகாரின் வாசகங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறவரின் நினைவிலும் அந்த வாசகங்களோ, அவற்றை மறுக்கும் வேகமோ கலந்துவிடக்கூடும். ஆகவே, புகாரை மூடி வைத்துவிட்டு, அந்த நாளைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைத் தன் சொற்களில் எழுதித் தேதியிட்டு வைக்கும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். நினைவில்லாத இடங்களில் 'நினைவில்லை' என்றே எழுத வேண்டும்.

ஒருவரின் அனுபவத்தை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அவர் ஒரு பிரிவின் தலைவர். மாலைக் கூட்டமொன்றில் அனைவர் முன்னிலையிலும் கத்தி, வேலையிலிருந்து நீக்கிவிடுவதாக மிரட்டினார் என்று அவருக்குக் கீழே பணியாற்றிய இளைஞர் புகார் கொடுத்திருந்தார். என்னிடம் வந்தபோது அவர் கையில் பதினோரு பக்க விளக்கக் கடிதம் இருந்தது. தன் இருபதாண்டுப் பணிச் சிறப்பும் அந்த இளைஞரின் சோம்பலும் அதில் விரிவாக இருந்தன. அந்த மாலையைப் பற்றி மட்டும் நான்கே வரிகள்தான். புகார் கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, "ஏன் தம்பி இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கவும் எண்ணியிருந்தார். அந்த அழைப்பு எவ்வளவு மென்மையாக அமைந்தாலும் மிரட்டலாகவே பதிவாகலாம் என்பதை நான் விளக்கியபோது அவர் அதிர்ந்துபோனார். பழைய செய்திகளை அழிப்பதும் அப்படித்தான்; தனக்குச் சாதகமான சான்றும் அவற்றோடு போய்விடும்.

பிறகு புகாரை நான்காகப் பிரித்தோம்: கூட்டம் நடந்தது, குரல் உயர்ந்தது, மிரட்டல் விடுக்கப்பட்டது, அனைவரும் அங்கே இருந்தார்கள். முதலாவதை ஏற்றுக்கொண்டார். நாட்குறிப்பையும் மின்னஞ்சல்களையும் பார்த்தபோது, அறையில் மூவர் மட்டுமே இருந்ததும், மறுநாள் காலையிலேயே அந்த இளைஞருக்கு அவர் கூடுதலாக ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்ததும் தெரிந்தன. மூன்றாவதை எழுதும்போதுதான் அவர் பேனா நின்றது. "இப்படியே போனால் இந்தப் பொறுப்பில் நீடிப்பது கடினம்" என்று தான் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. பதினோரு பக்கக் கடிதத்தில் 'வேலையைப் பற்றி நான் பேசவே இல்லை' என்று இருந்தது. அந்த வரியை விசாரணைக் குழுவிடம் கொடுத்திருந்து, அறையிலிருந்த மற்றவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், அவர் சொன்ன உண்மைகளும் சேர்ந்தே ஐயத்துக்குள்ளாகியிருக்கும்.

தான் முழுக்கப் பொய் என்று நம்பிய புகாரில் தன் சொல்லொன்றும் கிடந்ததை ஏற்பது அவருக்கு வலித்தது. அன்று வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அதைச் சொன்னபடியே எழுதி, எந்தப் பணியைக் குறித்துச் சொன்னார் என்பதையும், நீக்குவதாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து, இரண்டு பக்கங்களில் கடிதத்தை முடித்தார்.

விசாரணை ஏழு வாரங்கள் நீண்டது. அதிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, வராத கேள்விகளுக்கெல்லாம் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கவலைக்கென்றே நேரம் ஒதுக்கும் முறையை அவருக்குக் கற்பித்தேன். தினமும் மாலை ஒரே நேரத்தில், ஒரே நாற்காலியில், அரைமணி நேரம் மட்டும் விசாரணையைப் பற்றி யோசித்து எழுத வேண்டும். மற்ற நேரத்தில் எழும் எண்ணத்தை ஒரு சொல்லாகக் குறித்துக்கொண்டு அந்த அரைமணிக்கு ஒத்திவைக்க வேண்டும். முதல் வாரம் பயனில்லை என்றார். மூன்றாவது வாரத்தில், குறித்து வைத்ததில் பாதி மாலைக்குள் அவசரமற்றதாகிவிடுகிறது என்றார்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. உணவும் உறக்கமும் தொடர்ந்து குலைந்தாலோ, 'நான் இல்லாமல் போனால் இது முடிந்துவிடும்' என்ற எண்ணம் ஒருமுறையேனும் வந்தாலோ, மாலை அரைமணிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும், வீட்டில் ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். எனவேதான் முதல் சந்திப்பிலேயே இதை நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். அவரிடமும் கேட்டேன். இரண்டு இரவுகள் அப்படித் தோன்றியதாகவும், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றும் தலை குனிந்தபடி சொன்னார். விளக்கக் கடிதத்தை அன்று நாங்கள் தொடவில்லை. அவர் மனைவியை வரவழைத்து, மூவருமாக மருத்துவரிடம் சென்றோம்.