பேதி நின்ற பிறகு வெளுத்துப்போன பிள்ளை

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜூலை மாதம். தாராவியிலிருந்து மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் ஆச்சியும் வந்தார்கள். எட்டு நாளைக்கு முன் ரத்தமாகப் பேதி தொடங்கி, ஐந்தாம் நாள் நின்றிருக்கிறது. அப்புறம்தான் பிள்ளை வெளுத்துச் சோர்ந்திருக்கிறான். லேப் ரிப்போர்ட்டில் தட்டணுக்கள் 42,000. மும்பை மழைக்காலத்தில் தட்டணு குறைந்தால் டெங்கு என்பார்கள். கொண்டுவந்த சீட்டிலும் அதுதான் எழுதியிருந்தது.

எனக்கு இடித்தது ஹீமோகுளோபின். 6.8. ஆபத்தான டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் ரத்தம் கெட்டியாகும். பெரும்பாலும் இப்படி வெளுக்காது.

"கடைசியா எப்போம்மா ஒண்ணுக்குப் போனான்?"

"நேத்துக் காலைல கொஞ்சம், கடுங்காப்பி மாதிரி."

"தண்ணியெல்லாம் பேதில போயிட்டு, ஒண்ணுக்கு எங்கேருந்து வரும்?" என்றார் ஆச்சி. நியாயமான கேள்வி. ஆனால் நீர் வற்றிய பிள்ளைக்குக் கண் உள்வாங்கியிருக்கும். இவனுக்கு இமை வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது.

ரத்தத்துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தோம். வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் உடைந்த வளையல் போலத் துண்டுதுண்டாக, சில ஹெல்மெட் வடிவத்தில் கிடந்தன. சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 3.1, இந்த வயதுக்கு அரையைத் தாண்டினாலே யோசிக்கவேண்டும். ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம்.

சிலவகை ஈ.கோலை, ஷிகெல்லா கிருமிகள் குடலில் விடும் ஷிகா நச்சு, சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவரைப் புண்ணாக்கும். அங்கே தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாவதால் எண்ணிக்கை குறையும். அந்த இடுக்கில் நெருக்கிப் போகும் சிவப்பணு கிழியும். சிறுநீரகம் அடைபடும். இதெல்லாம் பேதி தொடங்கி ஒரு வாரம்போல ஆகி, பேதி அடங்கும் நேரத்தில் தெரியவருவதுதான் சிக்கல். வீட்டில் எல்லாரும் அப்பாடா என்றிருப்பார்கள்.

ஆகவே ரத்தபேதி வந்த பிள்ளைக்கு, பேதி நின்ற பிறகும் ஒரு வாரம் சிறுநீரைக் கவனியுங்கள். எட்டு மணி நேரம் போகவில்லை, முகம் வெளுத்தது, தூங்கித் தூங்கி விழுகிறான் என்றால் அன்றே ரத்தப் பரிசோதனையும் கிரியாட்டினினும் பாருங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரை வேண்டவே வேண்டாம். நச்சு குடலிலேயே தங்கிவிடும். ஆன்டிபயாடிக்கையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள்: ஷிகெல்லாவுக்கு அது தேவை, ஷிகா நச்சுள்ள ஈ.கோலைக்குச் சில மருந்துகள் ஆபத்தைக் கூட்டலாம்.

பேதியின் தொடக்கத்தில் தாராளமாக நீர் கொடுப்பது சிறுநீரகத்துக்கு நல்லது. சிறுநீர் நின்றபின் அதே சலைனை ஏற்றினால் நுரையீரலில் தேங்கும். இவனுக்கு முந்தைய நாள் இரண்டு பாட்டில் ஏற்றியிருந்தார்கள். ரத்தம் மட்டும் மெதுவாக ஏற்றினோம். ரத்தக்கசிவு இல்லாததால் தட்டணு ஏற்றவில்லை, ஏற்றினால் கட்டிகள் பெருகலாம். வயிற்றுவழி டயாலிசிஸ் ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் பையில் 60 மில்லி சிறுநீர். ஆச்சி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

போன மாதம் வந்தபோது ரத்த அழுத்தம் சரி, சிறுநீரில் புரதம் லேசாக இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.