ஒரே பிழைக்கு மூன்று தடவை மதிப்பெண் குறைக்காதீர்கள்

இந்தத் தவணையில் மட்டும் இது நான்காவது விடைத்தாள். ரோஸ் ஹில்லில் என் வீட்டு வாசலில் ஒரு தாய் மகனின் சோதனைத்தாளோடு வந்து நின்றார். "மிஸ், இவன் இனித் தமிழ் வேண்டாம் என்கிறான்" என்று கிரியோலில் சொன்னார். மொரீஷியஸில் இடைநிலைப் பள்ளிக்கு வந்தபின் தமிழ் விருப்பப்பாடம்தான். பிள்ளை வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. தாளைப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு ஐந்து வாக்கிய மொழிபெயர்ப்பு, 20க்கு 10. எனக்குக் கோபம் வந்தது, பையன் மேல் அல்ல.

பத்தி தமிழில் இதுதான்: என் பாட்டிக்கு எழுபது வயது. நேற்றுக் காலை நான்கு மணிக்கு எழுந்தார். கால் வலித்தாலும் எங்கள் எல்லோருக்கும் ஏழு கறி சமைத்தார். கோயிலிலிருந்து திரும்பியதும் எனக்கு நல்ல பசி. வாழையிலையில் சாப்பிட்டோம்.

பையன் எழுதியது: "என் பாட்டிக்கு எழுபது வயது. நேற்று காலை நான்கு மணி எழுந்தான். கால் வழித்தாலும் எங்கள் எல்லாருக்கு ஏழு கரி சமைத்தான். கோயிலில் இருந்து திரும்பியதும் எனக்கு நல்ல பசி. வாழை இலை சாப்பிட்டோம்."

எட்டுச் சிவப்பு வட்டங்கள். வாக்கியத்துக்கு 4 மதிப்பெண், ஒரு பிழை இருந்தால் 2, அதற்கு மேல் இருந்தால் பூஜ்யம் என்று திருத்தியிருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களுக்குப் பூஜ்யம். பாட்டி எப்போது எழுந்தார், யாருக்கு என்ன சமைத்தார், என்ன வலியோடு சமைத்தார் என்று அத்தனையையும் புரிந்து எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம்!

"இலக்கணம் தவறினால் பொருளும் தவறத்தானே செய்யும்?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். நான் அதிகம் சண்டை போடுவது இந்த ஒரு கேள்வியோடுதான். சில சமயம் தவறும், பல சமயம் தவறாது. 'பாட்டி எழுந்தான்' என்று படிப்பவர் யாராவது பாட்டியை ஆண் என்று நினைப்பாரா? 'கால் வழித்தாலும்' என்பதைப் படித்துவிட்டு வழிப்பதைப் பற்றி யோசிப்பாரா? 'ஏழு கரி சமைத்தான்' என்றால் அடுப்புக்கரி என்று எடுத்துக்கொள்வாரா? மாட்டார். பொருள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிழை பிழைதான், இல்லை என்று சொல்லவில்லை. மதிப்பெண்ணைப் பொருளுக்கு ஒரு கட்டம், இலக்கணத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வையுங்கள். அதற்கான தண்டனை இலக்கணக் கட்டத்தில் இருக்கட்டும், பொருள் கட்டத்தைத் தொட வேண்டாம்.

'வாழை இலை சாப்பிட்டோம்' கதை வேறு. 'இல்' என்ற ஓர் உருபு விழுந்ததில், இலையையே தின்றார்கள் என்று வாக்கியம் சொல்கிறது. மூலத்தைப் பார்க்காதவர் இதைப் படித்தால் தவறான செய்தி கிடைக்கும். அப்படியானால் பொருளில் ஒன்று குறையுங்கள், இலக்கணத்தில் மறுபடி குறைக்காதீர்கள். நான் வைத்திருக்கும் சோதனை இவ்வளவுதான்: மூலம் தெரியாத ஒருவர் ஏமாந்துபோவாரா? ஏமாந்தால் பொருள் பிழை, இல்லையென்றால் இலக்கணப் பிழை. ஒரு பிழைக்கு ஒரே கட்டம். ஒரே எழுத்துப்பிழைகூட இடத்தைப் பொறுத்து மாறும். 'மலையில் நனைந்தேன்' என்றால் மழை என்று யாருக்கும் புரியும். 'ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன்' என்று எழுதினால், எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிகிற இந்தத் தீவில் அப்படியே நம்பிவிடுவார்கள். முதலாவது இலக்கணக் கட்டத்துக்கு, இரண்டாவது பொருளுக்கு.

சரி, 20 மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது? நான் பொருளுக்கு 10, இலக்கணத்துக்கு 6, இயல்பான நடைக்கு 4 வைக்கிறேன். பொருளுக்கு, பத்தியைப் பத்துச் செய்தித் துண்டுகளாக முன்கூட்டியே வெட்டிக்கொள்ள வேண்டும்: பாட்டியின் வயது, நேற்றுக் காலை நான்கு மணி, எழுந்தது, கால் வலி, 'ஆனாலும்' என்ற உறவு, எங்கள் எல்லோருக்கும், ஏழு கறி சமைத்தது, கோயிலிலிருந்து திரும்பியது, பசி, வாழையிலையில் சாப்பிட்டது. துண்டு வந்து சேர்ந்தால் ஒன்று. அரைகுறை மதிப்பெண் வேண்டாம், அதில்தான் ஆளுக்கொரு கணக்கு வருகிறது.

இலக்கணத்தில் பிழைகளை எண்ணாதீர்கள், வகைகளை எண்ணுங்கள். 'எழுந்தான்', 'சமைத்தான்' இரண்டும் ஒரே அறியாமை. எழுவாய்க்கு ஏற்ற விகுதி தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு மதிப்பெண். விட்டுப்போன 'க்கு', 'உம்' சேர்த்து ஒன்று. ஒற்று, ழகரம், றகரம் எல்லாம் எழுத்துப்பிழை என்ற ஒரே வகை, அதற்கு ஒன்று. ஆறில் மூன்று மிஞ்சுகிறது. பாதிப் பத்தியை விட்டுவிட்டு இரண்டே வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதுகிறவரும் இருப்பார். அதனால் பொருளில் 5க்குக் கீழே வாங்கியவருக்கு இலக்கணத்தில் 3க்கு மேல் கிடையாது.

அப்புறம் இயல்பான நடை. தயவுசெய்து இதை அலங்காரத் தமிழுக்கான பரிசாக்காதீர்கள். 'மூதாட்டி', 'வைகறை', 'அறுசுவை' என்று எழுதியவருக்கு இங்கே கூடுதலாக எதுவும் இல்லை. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் எங்கே தடுக்கிவிழும் என்று முன்பே நான்கு இடங்களைக் குறித்து வையுங்கள். இந்தப் பத்தியில் வயது, வலி, 'திரும்பியதும்', பசி. வயதையும் பசியையும் பிரெஞ்சு, ஒருவர் கையில் வைத்திருக்கும் பொருளைப் போலச் சொல்லும். கிரியோலிலும் வயதுக்கு 'ஏனா'தான், அதாவது 'இருக்கிறது, வைத்திருக்கிறார்'. தமிழில் அவை நமக்கு நேர்பவை, அதனால் 'எனக்கு', 'பாட்டிக்கு'. 'எழுபது வயதாகிறது', 'பசித்தது', 'பசி எடுத்தது' எதுவானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலைத் தாள்களைத் திறக்கும் முன் எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் கையெழுத்து அழகாயிருக்கும் பிள்ளையின் நடைதான் இயல்பாகத் தெரியும்.

பையனுக்கு நான்குமே சரி. ஆக 9, 3, 4. மொத்தம் 16.

அதே வகுப்பில் ஒரு பெண் 18 வாங்கியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அவள் தாளையும் கேட்டு வாங்கினேன். "என் பாட்டி எழுபது ஆண்டுகள் வைத்திருக்கிறார். நேற்றுக் காலை நான்கு மணிக்கு எழுந்தார். அவருடைய கால்கள் வலித்ததால் எங்கள் எல்லோருக்கும் ஏழு கறி சமைத்தார். கோயிலிலிருந்து திரும்பியதும் நான் பெரிய பசியை வைத்திருந்தேன். வாழையிலையில் சாப்பிட்டோம்." விகுதி, ஒற்று, உருபு எல்லாம் சுத்தம். வயதையும் பசியையும் முழுப் பிழையாக எண்ணாமல் ஒவ்வொன்று மட்டும் குறைத்திருந்தார்கள். 'வலித்ததால்' மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. வலி இருந்தும் சமைத்த பாட்டி, வலியின் காரணமாகச் சமைத்தவராகிவிட்டார்! இலக்கணம் சரியாக இருந்ததால் சிவப்புப் பேனா தாண்டிப் போய்விட்டது. பிழை தேடிப் படிக்கிறவர் கண்ணுக்கு இது சிக்காது, செய்தித் துண்டுகளை எண்ணுகிறவருக்குத்தான் சிக்கும். என் கணக்கில் அவளுக்கு 9, 6, 2. மொத்தம் 17.

அவள்தான் இன்னும் முன்னால் இருக்கிறாள், அது நியாயம்தான். ஆனால் எட்டு மதிப்பெண் இடைவெளி ஒன்றாகிவிட்டது. பையனுக்கு விகுதியும் உருபும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அவளுக்கு 'க்கு' வரும் வாக்கியங்கள் இருபது சொல்லவைக்க வேண்டும். வெறும் 10, வெறும் 18 என்று பார்த்தால் இது தெரியுமா?

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள், மூன்று எண்ணையும் எழுதுங்கள். முப்பது தாள் இருந்தால் முதலில் எல்லாவற்றிலும் பொருளை மட்டும் பாருங்கள், சிவப்புப் பேனாவைத் தொடாமல். பிறகு இரண்டாம் சுற்றில் மற்ற இரண்டும். முதல் சிவப்பு வட்டம் விழுந்தபின் பொருளை நேர்மையாகப் படிப்பது எனக்கே முடிவதில்லை.

அந்தத் தாயிடம் ஒரு தனித்தாளில் 9, 3, 4 என்று எழுதி, பக்கத்தில் எதற்கு எது என்றும் குறித்துக் கொடுத்தேன். பையன் வாங்கி முதல் எண்ணைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.