10 லட்சம் மானியத்தின் உண்மையான மதிப்பு எவ்வளவு?

கோவையில் ஒரு சிறு பட்டறை. 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிஎன்சி கடைசல் எந்திரம் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் சில வகைச் சிறுதொழில்களுக்குத் தகுதியுள்ள எந்திரங்களின் மதிப்பில் 25 சதவீதம் மூலதன மானியமாகக் கிடைக்கிறது. இந்தப் பட்டறைக்கும் அது கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு தந்தது 10 லட்சம். எந்திரத்துக்காக உரிமையாளரின் கையிலிருந்து நிகரமாகப் போனது 30 லட்சம். ஆனால் அவருக்கு 10 லட்சமும் முழுதாக மிச்சமா என்றால், இல்லை. அதில் ஒரு பகுதி, வருடாவருடம் சிறு சிறு துண்டாக, வரி வழியாக அரசிடமே திரும்பிப் போகிறது. அது எப்படிப் போகிறது என்பதை இந்த ஒரு எந்திரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

எந்திரம் வாங்கிய பணத்தை அந்த ஆண்டுச் செலவாக மொத்தமாகக் காட்ட வரிச் சட்டம் விடாது. பொதுவான எந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம். முதல் ஆண்டு அடக்க விலையில் 15 சதவீதம், அடுத்த ஆண்டு மீதமுள்ள மதிப்பில் 15 சதவீதம் என்று அது தொடரும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த ஆண்டு மட்டும் பாதி. இந்தத் தேய்மானம் லாபத்தைக் குறைக்கும், லாபம் குறைந்தால் வரியும் குறையும். ஆகவே எந்திரத்தின் அடக்க விலை என்று வரிக் கணக்கில் எழுதும் ஒவ்வொரு ரூபாயும், பின்னாளில் கொஞ்சம் வரியை மிச்சப்படுத்தித் தரப்போகும் ரூபாய்.

கேள்வி இதுதான்: அடக்க விலை 40 லட்சமா, 30 லட்சமா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பின்தங்கிய பகுதிகளில் தொழில் தொடங்க அரசு தந்த மானியத்தை எந்திர விலையில் கழிக்க வேண்டியதில்லை என்று 1994இல் பி.ஜே. கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சொன்ன காரணம் நுட்பமானது. அந்த மானியம் தொழில் தொடங்க ஊக்கமாகத் தரப்பட்டது. எந்திர விலையில் இத்தனை சதவீதம் என்பது தொகையை அளக்கும் அளவுகோல்தானே தவிர, விலையின் ஒரு பகுதியை அரசே கட்டியதாக ஆகாது. வாங்கியவர் பக்கம் நின்று பார்த்தால் மிக நல்ல தீர்ப்பு. பணமும் வந்தது, அந்தப் பணத்தின் மீது தேய்மானமும் கிடைத்தது.

நாடாளுமன்றம் அந்தக் கதவை 1998இல் சாத்தியது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43(1) பிரிவில் 10ஆம் விளக்கம் என்று ஒன்று சேர்ந்தது. சொத்தின் விலையில் எந்தப் பகுதியை அரசோ, சட்டப்படி அமைந்த அமைப்போ, வேறு எவரோ நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்றுக்கொண்டாலும், எந்தப் பெயரில் கொடுத்தாலும், அந்தப் பகுதி அடக்க விலையில் சேராது. எந்த எந்திரத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாத மொத்த மானியமாக இருந்தால், மானியக் கணக்கில் சேர்ந்த சொத்துகளின் விலை விகிதப்படி பங்கிட்டுக் கழிக்க வேண்டும்.

இப்போது கணக்கு. எந்திரம் 180 நாளுக்கு மேல் ஓடிவிட்டது, வரி விகிதம் 30 சதவீதம், செஸ் நீங்கலாக. 40 லட்சமாக இருந்திருந்தால் முதல் ஆண்டுத் தேய்மானம் 6 லட்சம். 30 லட்சம் என்றால் 4.5 லட்சம். வித்தியாசம் 1.5 லட்சம், அதற்கான வரி 45,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு வித்தியாசம் 1,27,500 ரூபாயாகக் குறைகிறது, வரி 38,250. இப்படியே தேய்ந்துகொண்டு போகும். கடைசிவரை கூட்டினால் 3 லட்சம் ஆகும். ஆனால் அது பல ஆண்டுகளில் பரவிக் கிடப்பதால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 1.8 லட்சம். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: முதல் ஆண்டு இழப்பான 45,000ஐ, வட்டி 10 சதவீதமும் தேய்மானம் 15 சதவீதமும் சேர்ந்த 0.25ஆல் வகுத்தால் போதும்.

ஆக 10 லட்சம் மானியத்தின் நிகர மதிப்பு 8.2 லட்சம். திட்ட அறிக்கையில் மானியத்தை முழுதாகக் கழித்துவிட்டு, தேய்மானத்தை 40 லட்சத்துக்கே போடும் அறிக்கைகள் திட்டத்தை 1.8 லட்சம் கூடுதல் லாபமாகக் காட்டுகின்றன. விளிம்பில் நிற்கும் திட்டங்களை இந்தத் தொகையே ‘வாங்கலாம்’ பக்கம் தள்ளிவிடும்.

விலையில் கழிப்பதை நஷ்டமாக நினைப்பவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2015இல் வந்த திருத்தம், அடக்க விலையில் கழிக்கப்படாத அரசு மானியங்களைப் பொதுவாக வருமானமாகவே கருதுகிறது. அப்படி ஆனால் 10 லட்சத்துக்கும் 3 லட்சம் வரி உடனே கட்ட வேண்டும். அதே 3 லட்சத்தைத் தேய்மானக் குறைவாக மெதுவாகக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

தாமதம்தான் உண்மையில் அதிகம் வலிக்கிறது. விலையில் முதலிலேயே தள்ளுபடி கிடைத்ததுபோலப் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. முதலில் 40 லட்சத்தையும் கடனும் கைப்பணமுமாகப் புரட்டியாக வேண்டும். உற்பத்தி தொடங்கிய பிறகு மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல், நிதி ஒதுக்கீடு. இரண்டு ஆண்டு கழித்துப் பணம் வந்தால், அதே 10 சதவீத வட்டிக் கணக்கில் நிகர மதிப்பு ஏறத்தாழ 6.8 லட்சத்துக்கு இறங்கிவிடும். அப்போது 10 லட்சத்தை, ஒரே தேய்மான விகிதமுள்ள எந்திரங்களை ஒன்றாகச் சேர்த்த எந்திரத் தொகுதியின் மீதமுள்ள மதிப்பிலிருந்து கழித்து, அதன்பின் தேய்மானம் போடுவார்கள். மானியம் தாமதமாக வரும் என்று தெரிந்தே, வராததுபோலக் கடனுக்குத் திட்டமிடுவதுதான் பாதுகாப்பு.

வரிக் கணக்கில் மானியத்தைக் கழிக்காமல் விடும் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: நிறுவனத்தின் சொந்த ஏடு. அரசு மானியத்தை ஏட்டில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் கணக்கியல் தரம் 12 இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. விலையில் கழிக்கலாம். அல்லது மானியத்தைத் தனியே வைத்து, எந்திரத்தின் ஆயுள் முழுவதும் சிறிது சிறிதாக வருமானமாகக் காட்டலாம். எந்திரம் 10 ஆண்டு ஓடும், சம அளவில் தேய்மானம் என்றால், முதல் வழியில் ஆண்டுச் செலவு 3 லட்சம். இரண்டாவதில் செலவு 4 லட்சம், வருமானம் 1 லட்சம். லாபம் இரண்டிலும் ஒன்றே. இவை தவிர, தொழில் முதலீட்டுக்கு உரிமையாளரின் பங்களிப்புபோலத் தரப்படும் மானியத்தை மூலதனக் காப்பு நிதியில் வைப்பதும் உண்டு. கழிக்காத வழிகளில் ஏட்டில் எந்திரம் 40 லட்சமாகவே நிற்கும். அந்த 40 லட்சத்தை அப்படியே எடுத்து வரிக் கணக்கின் தேய்மானப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். ஏடு வேறு, வரிக் கணக்கு வேறு என்பது அங்கே மறந்துபோகிறது.

உங்கள் நிறுவனத்தில் இது நடந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இருப்புநிலைக் குறிப்பில் ‘மானியம்’ என்றோ ‘மூலதனக் காப்பு நிதி’ என்றோ ஒரு தொகை ஆண்டுதோறும் அசையாமலோ சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டோ நிற்கிறதா? வரித் தேய்மானப் பட்டியலில் எந்திரத் தொகுதிக்கு நேராக, மானியம் வந்த ஆண்டில் அதே தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால், எந்த எந்திரத்துக்கு எந்த ஆண்டு மானியம் வந்தது என்று காட்டும் ஒப்புதல் ஆணையை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போக வேண்டிய நேரம் அது. அந்த ஆணையில் இன்னொன்றையும் படித்துவிடுங்கள்: இத்தனை ஆண்டு தொழிலை நடத்த வேண்டும் என்ற நிபந்தனை அதில் பெரும்பாலும் இருக்கும். அதை மீறி மானியத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தால், கட்டிய தொகை எந்திரத்தின் மதிப்பில் மறுபடி ஏறும், அன்றிலிருந்து அதற்கும் தேய்மானம் கிடைக்கும். கடந்த ஆண்டுகளுக்குக் கிடைக்காது.